தொப்பை என்று நினைத்த வீக்கம்

நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். வயிற்றுத் தசைகள் இன்னும் இறுகியிருக்காது, இடுப்பு உள்வளைந்திருக்கும், சாப்பிட்டவுடன் இன்னும் உப்பித் தெரியும். ஆகவே இரண்டு வயதுக் குழந்தையின் தொப்பையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பயப்படவும் தேவையில்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தத் தொப்பைக்குள், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாக, வழுவழுப்பான கெட்டியான ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். அது சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் கட்டியாக இருக்கலாம்.

மருத்துவர்கள் அதை வில்ம்ஸ் கட்டி என்கிறார்கள். மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1899இல் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் வந்த பெயர். குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது இந்த வகைதான். ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வரும்; பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், அதிலும் மூன்று, நான்கு வயதை ஒட்டி. பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புகை, உணவு, தண்ணீர் என்று பெற்றோர் தேடும் காரணங்கள் எதுவும் இதற்குப் பொருந்தாது.

கரு வயிற்றில் இருக்கும்போதே சிறுநீரகத்தின் வடிகட்டிகள் உருவாகி, ஒன்பதாம் மாதத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. வடிகட்டியாக மாற வேண்டிய இளம் செல்களில் சில, வேலை முடிந்த பிறகும் மாறாமல் சிறு சிறு திட்டுகளாகத் தங்கிவிடுவது உண்டு. நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை தாமாகவே மறைந்துவிடும். மிகச் சிலருக்கு, மரபணுவில் நேரும் மாற்றத்தால் அந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்குகின்றன. கருவில் செய்த அதே வேலையை, நிறுத்தத் தெரியாமல் செய்துகொண்டே போகின்றன. அதனால்தான் இந்தக் கட்டி இத்தனை வேகமாக வளர்கிறது. அதனாலேயே மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது.

இனி ஒரு குழந்தையைப் பின்தொடர்வோம். இவள் தனி ஒருத்தியல்ல. குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் வழக்கமாகக் காணப்படும் போக்கை ஒரே குழந்தையின் கதையாகச் சேர்த்துச் சொல்லும் எடுத்துக்காட்டு. வயது இரண்டே முக்கால், எடை பன்னிரண்டரை கிலோ. நன்றாக ஓடியாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். குளிப்பாட்டும்போது இடது பக்க விலாவுக்குக் கீழே கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று அம்மாவுக்குச் சந்தேகம். பாவாடை நாடா இடுப்பில் இறுக்குவதையும் கவனித்திருக்கிறாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "பூச்சியாத்தான் இருக்கும், மருந்து குடு" என்கிறார் பாட்டி. பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. அடுத்த யோசனை, குடலேற்றம் தட்டுபவரிடம் கொண்டுபோய் வயிற்றை நீவிவிடச் சொல்வது.

கதையின் ஆபத்தான இடம் இதுதான். இந்தக் கட்டியைச் சுற்றி மெல்லிய உறை மட்டுமே இருக்கும். உள்ளே இருப்பது மிருதுவான, எளிதில் நொறுங்கும் திசு. விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவினால் உறை கிழியலாம். கிழிந்தால் புற்றுச் செல்கள் வயிற்றறை முழுவதும் சிதறும். உள்ளே இரத்தமும் கசியும். அதுவரை எளிய மருந்தில் தீரக்கூடியதாக இருந்த நோய், அந்த ஒரு கிழிசலால் மூன்றாம் நிலைக்குப் போய்விடும். குழந்தை கூடுதல் மருந்தும் கதிர்வீச்சும் தாங்க வேண்டியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இத்தகைய குழந்தையின் கட்டிலில் 'வயிற்றை அழுத்த வேண்டாம்' என்று எழுதி மாட்டுவது உண்டு. வந்துபோகும் ஒவ்வொரு மாணவரும் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

அப்படியானால் வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தை மல்லாந்து படுத்து அமைதியாக இருக்கும்போது உள்ளங்கையை மெதுவாக வயிற்றின் மேல் வைத்தாலே போதும். சாதாரணத் தொப்பை இரு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கும், படுத்தால் தட்டையாகிவிடும். கட்டி ஒரு பக்கமாக இருக்கும், படுத்தாலும் மேடு போகாது, கெட்டியாகத் தெரியும். மலச்சிக்கலால் சேர்ந்த மலமும் கையில் தட்டுப்படலாம்; அது பெரும்பாலும் அடிவயிற்றில் இடது பக்கம் இருக்கும், வயிறு போனபின் காணாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காமல் அன்றோ மறுநாளோ குழந்தை மருத்துவரிடம் போய்விட வேண்டும். சிறுநீர் சிவப்பாகவோ டீ நிறத்திலோ போவது ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான் நடக்கும். அது இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. மாறாக, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வெளுத்து, வயிறு வலித்து அழுது, வயிறு சட்டென்று பெருத்தால் உள்ளே கட்டி கிழிந்திருக்கலாம். அப்போது காத்திருக்க நேரமில்லை.

நம் குழந்தையின் அம்மா, நீவிவிடுபவரிடம் போகாமல் தெருமுனையில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் போகிறாள். அவர் வயிற்றை ஒரே ஒரு முறை, மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு குழந்தைகளுக்கான சின்னப் பட்டையைக் கையில் சுற்றி இரத்த அழுத்தம் எடுக்கிறார்: 128க்கு 84. இந்த வயதில் மேல் அளவு 90, 95தான் இருக்க வேண்டும். சிறுநீரகத்தைக் கட்டி நெருக்கும்போது ரெனின் என்ற சுரப்பு அதிகமாகி அழுத்தம் ஏறுகிறது. இத்தகைய குழந்தைகளில் நாலில் ஒருவருக்கு இப்படி ஏறியிருக்கும். வயிற்றில் கட்டி என்று வரும் குழந்தைக்கு அழுத்தம் எடுக்காமல் விடுவது பெரிய குறை. கண்ணின் கருமணியைச் சுற்றிய வண்ணவளையம் இருக்கிறதா, உடலின் ஒரு பக்கக் கை கால் மறுபக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறதா, நாக்கு பெரிதாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார். இவை சில பிறவிக் கோளாறுகளின் அடையாளங்கள். அவை உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே அத்தகைய குழந்தைகளுக்கு ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்துவருவது முறை. நம் குழந்தைக்கு அவை எதுவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கும் இருப்பதில்லை.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, கதிர்வீச்சு இல்லை. மாவட்டத் தலைநகர் எதிலும் அன்றைக்கே எடுத்துவிடலாம். ஸ்கேன் எடுப்பவர் பார்க்க வேண்டியது நான்கு விஷயங்கள். வீக்கம் நீர் நிறைந்ததா, திடமானதா? பிறவி அடைப்பால் நீர் கட்டிப் பெருத்த சிறுநீரகமும் வெளியிலிருந்து இதே போலத்தான் தெரியும், அது புற்று அல்ல. திடமானது என்றால், சிறுநீரகத்திலிருந்தே கிளம்புகிறதா? மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா? கடைசியாக, சிறுநீரகத்திலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரைக்குள் கட்டியின் நாக்கு நீண்டிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் அறுவை செய்தால், மேசையில் அந்த நாக்கு முறிந்து இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விடும் அபாயம் இருக்கிறது.

ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 11 சென்டிமீட்டர் திடக்கட்டி. மிச்சமிருக்கும் நல்ல சிறுநீரகப் பகுதி கட்டியின் ஒரு ஓரத்தை நண்டுக் கொடுக்குப் போலக் கவ்விக்கொண்டிருக்கிறது. கட்டி சிறுநீரகத்துக்குள்ளிருந்தே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதே வயதில், இதே இடத்துக்குப் பக்கத்தில் வரும் இன்னொரு புற்று உண்டு. நரம்புத் திசுவிலிருந்து, பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியில் தொடங்கும் நியூரோபிளாஸ்டோமா. அது சிறுநீரகத்தைக் கீழே தள்ளும், நடுக்கோட்டைத் தாண்டிப் படரும், சுண்ணாம்புத் துகள்கள் தெரியும். குழந்தையும் பெரும்பாலும் மெலிந்து, எலும்பு வலியோடு, சுகமில்லாமல் இருக்கும். வில்ம்ஸ் கட்டி உள்ள குழந்தையோ பல சமயம் ஆஸ்பத்திரி வராந்தாவில் விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் சந்தேகம் இருந்தால் சிறுநீரில் ஒரு பரிசோதனை செய்து பிரித்துவிடுவார்கள்.

அடுத்து வயிறு, மார்பு இரண்டுக்கும் சி.டி. ஸ்கேன். மார்பு எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். இந்தப் புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போகும் இடம் நுரையீரல். நம் குழந்தைக்கு நுரையீரல் சுத்தம், சிரைக்குள் எதுவும் இல்லை, வலது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கட்டியின் கொள்ளளவு அரை லிட்டருக்குச் சற்று மேல்.

பெற்றோரை மிகவும் குழப்புவது இதற்குப் பிறகு நடப்பது. "புற்றுநோய்தானா என்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமல் எப்படி மருந்து கொடுப்பீர்கள்? கட்டியைத்தான் உடனே எடுத்துவிடலாமே?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஊசி குத்தினால் உறையில் துளை விழுந்து செல்கள் வெளியே கசியலாம். வயதும் ஸ்கேன் படமும் சரியாகப் பொருந்தும்போது அது வில்ம்ஸ் கட்டியாகவே இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். எனவே ஊசி குத்துவதை, படம் வழக்கத்துக்கு மாறாக இருக்கும் குழந்தைகளுக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். இந்த வழியில் மிகச் சில குழந்தைகளுக்குத் தேவையில்லாத மருந்து போய்விடலாம் என்பது உண்மைதான். பல மையங்கள் தெரிந்தே அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆறு மாதத்துக்கும் குறைந்த சிசுவுக்கு மட்டும் கணக்கு மாறும். அந்த வயதில் தீங்கற்ற வேறொரு கட்டி வருவது உண்டு என்பதால் நேராக அறுவைக்குப் போவார்கள்.

உடனே ஏன் எடுப்பதில்லை என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அமெரிக்க முறையில் முதலில் அறுவை, பிறகு மருந்து. ஐரோப்பிய முறையில் முதலில் மருந்து, கட்டி சுருங்கிய பின் அறுவை. ஐரோப்பியக் குழு 1971இல் தன் முதல் ஆய்வைத் தொடங்கியது. முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்தால் அறுவையின்போது கட்டி கிழிவது வெகுவாகக் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அடுத்து, அதே பயனைக் கதிர்வீச்சு இல்லாமல் மருந்தே தருகிறது என்று கண்டார்கள். இரண்டு முறைகளிலும் பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கட்டி பெரிதாகிப் பெரிதாகி, தாமதமாகக் குழந்தைகள் வரும் நம் ஊர் நிலைமைக்கு முதலில் சுருக்கிவிட்டு எடுப்பதே பொருத்தம் என்று இந்தியாவின் பல மையங்கள் கருதுகின்றன. அது சரியான முடிவாகவே படுகிறது. அரைக் கிலோ எடையுள்ள நொறுங்கும் கட்டியைக் கிழியாமல் வெளியே கொண்டுவருவது எவ்வளவு தேர்ந்த கைக்கும் சிரமம்.

நம் குழந்தைக்கு நான்கு வாரம் மருந்து. இரண்டே மருந்துகள். ஒன்று வின்கிறிஸ்டின், வாரம் ஒரு முறை. மற்றது ஆக்டினோமைசின், முதல் வாரமும் மூன்றாம் வாரமும். இந்த இரண்டின் வரலாறும் அறியத்தக்கது. ஆக்டினோமைசின் 1940இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்டது. கிருமிகளைக் கொல்லும் மருந்தாகக் கொடுக்க முடியாத அளவுக்கு அது நச்சுத்தன்மை கொண்டது என்று ஒதுக்கிவைத்தார்கள். 1950களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதைச் சிறுநீரகக் கட்டியுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள்கூடச் சுருங்கின. வின்கிறிஸ்டின் கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் வீட்டு வாசலில் பூக்கும் அதே செடிதான். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மருந்துக்காகவே அதை மானாவாரியில் பயிரிடுகிறார்கள். அதற்காக இலையை அரைத்துக் குடிப்பதில் பயனில்லை, ஆபத்துதான். டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் மருந்தே கிடைக்கிறது, அதையும் நுட்பமாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

அளவு எவ்வளவு சிறியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வின்கிறிஸ்டின் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். பன்னிரண்டரை கிலோ குழந்தையின் பரப்பு ஏறக்குறைய 0.55 சதுர மீட்டர். ஆக ஒரு வேளைக்கு 0.8 மில்லிகிராம். பன்னிரண்டு கிலோவுக்கும் குறைந்த குழந்தைக்கு அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் ஊசி போடுமுன் எடை பார்ப்பது சடங்கு அல்ல. மருந்து செலுத்தும்போது செவிலியர் முதலில் உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பார். ஊசி நரம்பில்தான் இருக்கிறதா, சுற்றிலும் வீங்குகிறதா என்று பார்த்த பிறகே மருந்து. இரண்டு மருந்துகளுமே நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். குழந்தை கையை உதறி அழுதால் அம்மா உடனே சொல்ல வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. வின்கிறிஸ்டின் குடலை மந்தமாக்கும், மலம் கழித்து மூன்று நாளானால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாடை வலியால் சாப்பிட மறுப்பது, இமை தொங்குவது, நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபடுவது ஆகியவையும் இந்த மருந்தின் வேலைதான். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆக்டினோமைசின் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். வயிறு உப்பி, எடை திடீரென்று ஏறி, கண் மஞ்சளானால் அது அவசரம். முடி கொட்டும், மீண்டும் வளரும். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரி. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் வரும் காய்ச்சலைப் பாரசிட்டமால் கொடுத்துக் காலை வரை தள்ளிவைக்கக் கூடாது.

நான்கு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் அரை லிட்டர் கட்டி கால் லிட்டருக்கும் கீழே வந்திருக்கிறது. அறுவை ஐந்தாவது, ஆறாவது வாரத்தில். தொப்புளுக்கு மேலே குறுக்கே பக்கத்திலிருந்து பக்கத்துக்கு நீளமாகத் திறப்பார்கள். சிறு துளை போட்டுச் செய்யும் அறுவைக்கு இங்கே இடம் மிகக் குறைவு. கட்டி முழுசாக வெளியே வர வேண்டுமே! பழைய நாளில் மறுபக்கச் சிறுநீரகத்தையும் திறந்து பார்த்தார்கள், இன்று சி.டி. படம் தெளிவாக இருந்தால் அது தேவைப்படுவதில்லை. இரத்தக் குழாய்களைக் கட்டி, சிறுநீரகம், கட்டி, சிறுநீர்க் குழாய் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக, உறை கிழியாமல் எடுக்க வேண்டும்.

அதோடு பக்கத்து நிணநீர்க் கட்டிகளில் சிலவற்றையும், குறைந்தது ஏழு என்கிறது ஐரோப்பியக் குழு, எடுத்து அனுப்ப வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன என்று அவற்றை விட்டுவிடுவது இந்த அறுவையில் அடிக்கடி நிகழும் பிழை. உள்ளே புற்று இருந்தால் அது மூன்றாம் நிலை. தெரியாமல் இரண்டாம் நிலை என்று நினைத்துக் குறைந்த மருந்து கொடுத்தால் நோய் திரும்பும். நல்லெண்ணத்தோடு பொது அறுவை மருத்துவர் ஒருவர் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு குழந்தையைப் புற்றுநோய் மையத்துக்கு அனுப்பும்போது இந்தச் சிக்கல்தான் வந்து நிற்கிறது. ஆகவே கத்தி வைப்பதற்கு முன்பே மையத்துக்கு அனுப்புவது முக்கியம்.

வெளியே எடுத்ததை நோய்க்குறியியல் மருத்துவர் மைதடவி, துண்டு துண்டாக நறுக்கிப் பார்க்கிறார். அவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். எதுவரை பரவியிருந்தது? செல்கள் எவ்வளவு மூர்க்கமானவை? செல்லின் கரு பெருத்து, உருக்குலைந்து கட்டி முழுவதும் பரவியிருந்தால் மருந்துக்குப் பணியாது. அத்தகைய கட்டிகள் சிலவே. நம் குழந்தைக்குக் கட்டி உறையைத் தாண்டி பக்கத்துக் கொழுப்புக்குள் நுழைந்திருக்கிறது, ஆனால் வெட்டு விளிம்பில் செல் இல்லை, நிணநீர்க் கட்டிகள் சுத்தம். இரண்டாம் நிலை, நடுத்தர மூர்க்கம். அதே இரண்டு மருந்துகள், இன்னும் 27 வாரம். கதிர்வீச்சு வேண்டாம். மூன்றாம் நிலையாக இருந்திருந்தால் வயிற்றுக்குக் கதிர்வீச்சு சேர்ந்திருக்கும். நுரையீரலில் பரவியிருந்தால் முதலிலேயே டாக்சோரூபிசின் என்ற மூன்றாவது மருந்தோடு ஆறு வாரம் கொடுத்திருப்பார்கள். இரு சிறுநீரகத்திலும் கட்டி இருக்கும் குழந்தைகளுக்கு, நூறில் ஐந்தாறு பேருக்கு, இரண்டையும் எடுத்துவிட முடியாது. மருந்தால் சுருக்கி, கட்டியை மட்டும் செதுக்கி, நல்ல திசுவை முடிந்தவரை காப்பாற்றுகிறார்கள்.

வசதியுள்ள நாடுகளில் இன்று இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவை எட்டாததற்கு மருந்து காரணமல்ல, அதே மருந்துகள் இங்கும் கிடைக்கின்றன. தாமதமாக வருவது, ஊட்டக்குறைவோடு வருவது, பாதியில் நின்றுவிடுவது ஆகியவையே காரணங்கள். அறுவை முடிந்து கட்டி போய்விட்டது, குழந்தை பழையபடி ஓடுகிறாள், இனி எதற்கு இருபத்தேழு வாரம் பஸ் ஏறி வர வேண்டும் என்ற எண்ணம் மிகவும் இயல்பானது. அப்பாவுக்கு அன்றாடக் கூலி போகிறது, வீட்டில் இன்னொரு குழந்தை காத்திருக்கிறது. இந்த இடத்தில் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. மருந்துச் செலவை அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுவது, மையத்துக்குப் பக்கத்தில் தங்க இடம் ஏற்பாடு செய்வது, வராத வாரத்தில் போன் செய்து கேட்பது ஆகியவைதான் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத செல்களுக்காகத்தான் இந்த மீதி வாரங்கள் என்பதை முதல் நாளிலேயே அம்மா, அப்பா, பாட்டி மூவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், அதுவும் நுரையீரலில்தான். எனவே அந்த இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் எடுக்கிறார்கள். திரும்பியதைச் சீக்கிரம் பிடித்தால் மீண்டும் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு பள்ளிக்கும் போகலாம், ஓடலாம், விளையாடலாம். மீதமிருக்கும் சிறுநீரகம் சில மாதங்களில் சற்றுப் பெருத்து இருவர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தொந்தரவு தராமல் இருக்க, கடையில் சொந்தமாக வாங்கும் வலி மாத்திரைகளில் இபுபுரோஃபென் வகையைத் தவிர்க்க வேண்டும், நாட்டு மருந்தென்று பெயர் தெரியாத பொடிகளைத் தரக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற எளிய சோதனையும் பார்த்துவர வேண்டும். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும், வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் போனாலும், சிகிச்சைச் சுருக்கம் எழுதிய அட்டையை அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது. எந்த மருந்து, எத்தனை வேளை, எந்தப் பக்கச் சிறுநீரகம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். இருபது வயதில் அவளைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அவை தேவைப்படும்.